எழுத்து ஒன்று, வாய்ச்சொல் ஒன்று: கோத்தகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லித்தருகிறேன். எஸ்டேட் லைனில் இருந்து வரும் பிள்ளைகள், வீட்டில் படுகு பேசும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர், கடைக்கு போர்டு எழுதுபவர்கள் என எல்லோரும் சுற்றிச்சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

1. டீச்சர், தமிழ்ல எழுதினபடியே படிக்கலாம்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி இத்தனை எழுத்துப்பிழை வருது?

எழுதினதைப் படிப்பது ஒரு வேலை, கேட்டதை எழுதுவது வேறொரு வேலை. முதல் வேலையில் தமிழ் நம்மைப் பெரும்பாலும் கைவிடாது. 'கடல்', 'அகல்', 'தங்கம்' மூன்றிலும் இருப்பது ஒரே க-தான். ஒலி மூன்று இடத்திலும் வேறு. ஆனால் சொல்லின் தொடக்கத்தில் எப்படி வரும், நடுவில் எப்படி வரும், ங்-குக்குப் பின்னால் எப்படி வரும் என்பது இடத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால் இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

சிக்கல் இரண்டாவது வேலையில்தான். 'மரம்', 'மறம்' இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரி சொல்கிறோம். காதுக்கு ஒன்றாக வந்ததைக் கை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். 'கரை, கறை', 'ஏரி, ஏறி', 'அரை, அறை' எல்லாம் இந்த வகை. எழுத்துப்பிழைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

2. அப்ப தப்பு யார் மேல? நாம ஒழுங்கா பேசறதில்லையா, இல்ல எழுத்துதான் பழசா போச்சா?

யார்மேலும் தப்பில்லை. பேச்சைப் பிள்ளைகள் வீட்டில் காதால் கற்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் நாக்குக்கு எளிதான பக்கம் கொஞ்சம் நகர்கிறது. அதை யாரும் முடிவெடுத்துச் செய்வதில்லை. எழுத்தை அப்படிக் கற்பதில்லை. ஆசிரியர், இலக்கணம், அச்சுப் புத்தகம் என்று மூன்று காவல் அதற்கு உண்டு. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலின் எழுத்து விதிகளைத்தான் பள்ளியில் இன்றும் சொல்லித்தருகிறோம். 1578-ல் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. கண்ணுக்குப் பழகிய சொல்வடிவத்தை எந்த வாசகரும் எளிதில் விடமாட்டார்.

ஆக, ஒன்று நகர்கிறது, இன்னொன்று நிற்கிறது. காலம் போகப்போக நடுவில் இடைவெளி விழுகிறது. எழுதத் தொடங்கிப் பல நூற்றாண்டு ஆன மொழி எதுவானாலும் இது நடக்கும்.

3. என் பையன் டிக்டேஷன் நோட்டுல ஒரு வரிக்கு ஆறு சிவப்புச் சுழி. எல்லாமே ஒரே மாதிரி தப்புதானா?

இல்லை. அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். நான் சொன்னது: 'நேற்று காற்று அடித்ததில் மூன்று மரங்கள் முறிந்தன.' பையன் எழுதியது: 'நேத்து காத்து அடிச்சதில் மூணு மறங்கள் முரிந்தன.' ஆறும் இரண்டு வேறு வகை.

'நேத்து, காத்து, அடிச்சது, மூணு' நான்கும் பேச்சு வடிவங்கள். இவற்றில் பையனுடைய காது மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. ற்ற பேச்சில் த்த ஆகும். இ-க்குப் பின்னால் வரும் த்த பேச்சில் ச்ச ஆகும், படித்தான் படிச்சான் ஆவது போல. மூன்று, ஒன்று போன்ற சொற்களில் ன்று என்பது ணு, ண்ணு என்று கரையும். எல்லாம் ஒழுங்கான விதிப்படி நடக்கும் மாற்றங்கள். விதி தெரிந்தால் திரும்பிப் போகும் வழியும் தெரியும். 'காத்து' என்று பேசினால் 'காற்று' என்று எழுது, ஆனால் 'பத்து' பேச்சிலும் எழுத்திலும் 'பத்து'தான் என்று ஒரு சிறு பட்டியல் போட்டுக் கொடுத்தால் ஒரு பருவத்தில் இது சரியாகிவிடும்.

'மறங்கள், முரிந்தன' இரண்டும் வேறு வகை. இங்கே பேச்சும் எழுத்தும் ஒரே சொல்தான், எழுத்துதான் மாறிவிட்டது. காது இதில் உதவாது. சொல்லைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது அடுத்த பதிலில் சொல்லும் உறவு தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வகைக்கும் ஒரே சிவப்புச் சுழி போட்டால் பிள்ளைக்கு எதைத் திருத்துவது என்றே புரியாது. முதல் வகைக்கு நான் அடிக்கோடு மட்டும் போடுகிறேன்.

4. ர ஒண்ணு போதாதா? ற எதுக்கு தனியா வெச்சிருக்காங்க?

ற தொடக்கத்தில் ர-வின் அண்ணனோ தம்பியோ அல்ல. இலக்கணம் அதை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள்: க, ச, ட, த, ப, ற. வல்லினம். ர இருப்பது இடையினத்தில். வல்லினம் என்றால் மூச்சை ஒரு கணம் முழுக்க அடைத்து விடும் ஒலி. இன்று நாம் 'அறை' என்று சொல்லும்போது எங்கும் அடைப்பதில்லை, நாக்கு அதிர்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அடைத்திருக்கிறார்கள். அதனால்தான் மற்ற வல்லின எழுத்துகளைப் போல ற இரட்டிக்கிறது (காற்று), தனக்கு இனமான மெல்லெழுத்தோடு சேர்கிறது (கன்று). தமிழ்ச் சொல்லில் ர இந்த இரண்டையும் செய்யாது.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. வினைச்சொற்களைப் பாருங்கள். நில், நின்றான். செல், சென்றான். கல், கற்றான். ல் வருமிடத்தில் ன்ற, ற்ற வருகின்றன. இப்போது ள்-ஐப் பாருங்கள். கொள், கொண்டான். ஆள், ஆண்டான். கேள், கேட்டான். இங்கே ண்ட, ட்ட. அதாவது ல-ன-ற ஒரு குடும்பம், ள-ண-ட இன்னொரு குடும்பம். முதல் குடும்பத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டைத் தொடும். இரண்டாவதற்கு நாக்கு வளைந்து இன்னும் உள்ளே போகும். சொற்கள் சேரும்போதும் இதே கணக்குத்தான்: பல் + பசை பற்பசை, சொல் + பொருள் சொற்பொருள், பொன் + குடம் பொற்குடம், ஆனால் முள் + செடி முட்செடி, மண் + குடம் மட்குடம்.

பிள்ளைக்கு 'கற்றான்' என்பதில் எந்த எழுத்து என்று சந்தேகம் வந்தால், 'கல்வி'யில் என்ன எழுத்து என்று கேட்டால் போதும். ல் இருக்கிறது, அதனால் ற். இந்த உறவு நம் வாயில் அழிந்துவிட்டது, நாம் 'நின்னான்' என்கிறோம். எழுத்தில் உயிரோடு இருக்கிறது. ற-வை எடுத்துவிட்டால் முழுப்பாடமாகச் சொல்லித்தர முடிகிற ஒழுங்கு போய், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நெட்டுரு போட வேண்டியதுதான் மிஞ்சும்.

5. 'முயற்ச்சி'ன்னு எழுதினா தப்புன்னு அடிச்சிட்டாங்க. 'வளர்ச்சி'க்கு மட்டும் ச்சி வருதே?

மேலே சொன்னதே விடை. ற் வல்லின மெய், தன்னிலேயே அடைப்பு உள்ள எழுத்து. அதற்குப் பின்னால் இன்னொரு வல்லின மெய்யெழுத்து நிற்காது. ட்-க்கும் அப்படித்தான்: காட்சி, முயற்சி, கற்பனை. ர் இடையினம், அதற்குப் பின்னால் மெய் இரட்டிக்கலாம்: வளர்ச்சி, பார்க்க, எதிர்ப்பு.

6. அப்படின்னா ற்ற-வை நிஜமா எப்படித்தான் சொன்னாங்க? இப்பவும் யாராவது அப்படிச் சொல்றாங்களா?

பஸ் ஏறினால் கேட்டுவிடலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் காற்றைச் சொல்லும் சொல்லைக் கவனியுங்கள். 'காத்து' என்றும் இருக்காது, 'காட்டு' என்றும் இருக்காது, இரண்டுக்கும் நடுவில் நாக்கு நுனி பல்மேட்டில் ஒட்டிப் பிரியும். ஆங்கிலேயர் 'டீ' என்னும்போது வரும் ஒலிக்கு மிக அருகில் இருக்கும். ற்ற-வின் பழைய ஒலி அதுதான். யாழ்ப்பாணத் தமிழிலும் இது இருக்கிறது.

மேடையிலும் வகுப்பிலும் நாம் 'காட்ற்று' என்பது போல வாசிப்பது பேச்சிலிருந்து வந்ததல்ல. த்த என்று பேசிப் பழகியவர்கள் எழுத்தைப் பார்த்து வாசிக்கும்போது ற-வின் இன்றைய அதிர்வையும் சேர்த்துச் சொன்னதில் வந்தது. எழுத்து உச்சரிப்பைத் தன் பக்கம் இழுப்பதும் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

7. ந-வும் ன-வும் சத்தம் ஒண்ணுதானே? இதையாவது ஒண்ணாக்கலாமில்ல?

சத்தம் இன்று பெரும்பாலோருக்கு ஒன்றுதான். ந பல்லில் பிறப்பது, ன பல்மேட்டில் பிறப்பது. ஆனால் இந்த இரண்டுக்கும் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் இடத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். சொல்லின் முதலில் ந: நிலம், நூல். த-வுக்கு முன்னால் ந்: பந்து, வந்தான். மற்ற இடத்தில் எல்லாம் ன.

விதி தடுமாறுவது சொற்கள் சேருமிடத்தில். 'செய்நன்றி', 'அநியாயம்' போன்றவற்றில் நடுவில் ந வரக் காரணம், ஒட்டுவதற்கு முன்னால் அது ஒரு சொல்லின் முதலெழுத்தாக இருந்ததுதான். 300-ஐ 'முன்னூறு' என்று கடைக் கணக்கிலும் அழைப்பிதழிலும் பார்க்கிறோம். மூன்று நூறு என்பதால் 'முந்நூறு' என்பதே சரி. அதுபோலவே மூன்று நாள் 'முந்நாள்'. பதவியில் முன்பு இருந்தவர் 'முன்னாள்' தலைவர். ஒலி ஒன்று, பொருள் இரண்டு, அதைக் காப்பாற்றுவது எழுத்து.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மலையாளத்தில் இரண்டு ஒலியும் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. 'நனைந்தது' என்பதை அவர்கள் 'நனஞ்ஞு' என்பார்கள்; முதல் எழுத்து பல்லில், இரண்டாவது எழுத்து பல்மேட்டில். ஆனால் எழுதுவது இரண்டுக்கும் ஒரே எழுத்தால். நம்மிடம் எழுத்து இரண்டு இருக்கிறது, ஒலி ஒன்றாகிவிட்டது. அவர்களிடம் ஒலி இரண்டு, எழுத்து ஒன்று.

8. மலை, மழை. நம்ம ஊர்ல இது ரெண்டும்தான் இருக்கு, பிள்ளைங்க ரெண்டையும் ஒண்ணா சொல்லுதுங்க. என்ன செய்யறது?

இதற்கு எழுத்தை மாற்ற வேண்டாம், நாக்கைப் பழக்கலாம். ற, ன போல இது போய்விட்ட ஒலி அல்ல. ழ இன்னும் பலர் வாயில் இருக்கிறது, கேட்டுக் கற்க ஆள் உண்டு. ல-வுக்கு நாக்கு பல்மேட்டைத் தொடும். ள-வுக்கு வளைந்து மேலே தொடும். ழ-வுக்கு அதே வளைவு, ஆனால் எங்கும் தொடாது. 'தொடாதே' என்று சொன்னாலே பாதிப் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது.

9. இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பேசற மாதிரியே எழுதிட்டா எல்லாம் தீர்ந்திடுமே?

யார் பேசுகிற மாதிரி? கோத்தகிரிச் சந்தையிலேயே கோவைத் தமிழ், எஸ்டேட் தமிழ், படுகரின் தமிழ், மலையாளம் கலந்த தமிழ் எல்லாம் கேட்கலாம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை ஒருவர் 'வந்துட்டிருக்கேன்' என்பார், இன்னொருவர் 'வந்துக்கிட்டிருக்கேன்' என்பார். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ஊர்ப் பிள்ளைக்கு அதுவும் ஓர் அந்நிய எழுத்துக்கூட்டல்தான். யாருடைய பேச்சும் இல்லாத எழுத்து வடிவம் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இருக்கிறது. அதன் நியாயம் அதுதான்.

இன்னொரு இழப்பும் உண்டு. நாம் குடையைக் 'கொடை' என்கிறோம், இலையை 'எலை' என்கிறோம், உடம்பை 'ஒடம்பு' என்கிறோம். அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் முன்னால் இருக்கும் இ, எ ஆகும். உ, ஒ ஆகும். அப்படியே எழுதினால் மழைக்குப் பிடிக்கும் குடையும் வள்ளல் தரும் கொடையும் ஒரே சொல்லாகிவிடும். பேசும்போது எதிரில் ஆள் இருக்கிறார், சந்தேகம் வந்தால் கேட்கலாம். எழுத்துக்கு அந்த வசதி இல்லை.

கதையில் உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதுவதை நான் எதிர்க்கவில்லை, இந்தப் பக்கத்தில் கேள்விகளையே அப்படித்தான் தந்திருக்கிறேன். ஆனால் பட்டா, மருந்துச் சீட்டு, பாடநூல் ஆகியவற்றுக்குப் பொது வடிவம் வேண்டும்.

10. எம்.ஜி.ஆர். காலத்துல எழுத்தை மாத்தினாங்களே, அது இதுக்குத்தானே?

இல்லை. அது உச்சரிப்பைத் தொடவே இல்லை. 1978-ல் அரசாணை வந்தது. அடிப்படை, பெரியார் 1935-ல் குடிஅரசில் எழுதிப் பழக்கத்துக்கும் கொண்டுவந்த வடிவங்கள். மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. 'கா, பா' என்று எல்லா எழுத்தும் கால் வாங்கும்போது ணா, றா, னா மட்டும் சுழித்துக்கொண்டு தனி உருவமாக இருந்தன. லை, னை போன்றவை முன்னால் இணைக்கொம்பு இல்லாமல் தலைமேல் யானைத் துதிக்கை போல ஒரு வளைவை வாங்கின. அச்சுக்கோப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும், தட்டச்சுப் பொறியில் இடம் போதாது, பிள்ளைக்கு 13 விதிவிலக்கு. அதைச் சரிசெய்தார்கள்.

பழைய கிரயப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'மலை', 'எல்லை' என்ற சொற்களில் அந்தத் துதிக்கை தெரியும். எழுத்துருவைப் பழைய பாணிக்கு மாற்றினால் கணினியிலும் அதே உருவம் வரும். உள்ளே இருக்கும் குறியீடு மட்டும் மாறாது. ல-வும் ஐகாரக் குறியும்தான். அதாவது மாறியது உருவம், எழுத்துக்கூட்டல் அல்ல. அதனால்தான் எதிர்ப்பு பெரிதாக நிலைக்கவில்லை என்று நினைக்கிறேன்: பழையதைப் படித்தவர் புதியதைப் படிக்க எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. என் மதிப்பில் அது நல்ல சீர்திருத்தம். ஆனால் கேள்வி 3-இல் பார்த்த ஆறு பிழைகளில் ஒன்றைக்கூட அது குறைக்காது.

11. ஐயா சரியா, அய்யா சரியா? பெரியார் அய்யான்னுதானே எழுதச் சொன்னார்?

ஆம், ஐ-க்குப் பதில் அய், ஔ-வுக்குப் பதில் அவ் என்பதும் அவருடைய யோசனை. பள்ளி எழுத்தில் அது ஏறவில்லை, ஐ-யும் ஔ-வும் நெடுங்கணக்கில் அப்படியே இருக்கின்றன. 1978-இன் 13 எழுத்துக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. அது உருவத்தை மாற்றியது, இது சொல்லின் எழுத்துக்கூட்டலையே மாற்றும். அகராதி வரிசை மாறும், ஐ-யில் தேடிய சொல்லை அ-வில் தேட வேண்டும்.

யோசனை புதிதல்ல. அகரத்துக்குப் பின்னால் ய் வந்தால் ஐ போல ஒலிக்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஐ தன் முழு அளவில் ஒலிக்காமல் குறுகும் என்பதற்கு 'ஐகாரக் குறுக்கம்' என்று பெயரும் வைத்திருக்கிறோம். 'காடு', 'பட்டு' என்பவற்றில் உகரம் பாதியாகத் தேய்வதைக் 'குற்றியலுகரம்' என்கிறோம். எழுத்து ஒன்று, ஒலி வேறு என்பது நம் இலக்கணக்காரர்களுக்கு அன்றே தெரியும். எழுத்தை மாற்றவில்லை, வேறுபாட்டுக்குப் பெயர் சூட்டிப் பாடமாக்கினார்கள். உங்கள் கேள்விக்கு: தேர்வுத்தாளில் 'ஐயா' என்று எழுதுங்கள். 'அய்யா' என்று எழுதுபவரைத் திருத்தாதீர்கள், அவர் தெரிந்தேதான் எழுதுகிறார்.

12. கன்னடத்துல ற, ழ ரெண்டையுமே எடுத்துட்டாங்களாமே? அவங்க நல்லாத்தானே இருக்காங்க?

உண்மைதான். பழங்கன்னடத்தில் ற-வுக்கும் ழ-வுக்கும் தனி எழுத்துகள் இருந்தன. பேச்சில் ஒலி கலந்தபோது எழுத்தும் வழக்கிலிருந்து விழுந்தது. நம் 'ஆறு' அங்கே 'ஆரு', நம் 'ஏழு' அங்கே 'ஏளு'. சொல் முதல் ப, ஹ ஆனபோதும் எழுத்து கூடவே போனது: பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. படுகு பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் வீட்டில் ஹாலும் ஹத்தும், பள்ளியில் பாலும் பத்தும். ஓர் எழுத்தைத் தள்ளிவைத்தால் இரண்டும் ஒரே சொல்.

ஆக, எழுத்து பேச்சைப் பின்தொடர முடியும், பக்கத்து மாநிலத்திலேயே அது நடந்திருக்கிறது. அவர்கள் பிள்ளைக்கு ர-வா ற-வா என்ற குழப்பம் இல்லை. மறுபக்கம், பழங்கன்னடக் காவியத்தைத் தனிப்பயிற்சி இல்லாமல் இன்றைய வாசகர் தொடுவது கடினம். அதற்கு எழுத்து மட்டும் காரணமல்ல, சொல்லும் இலக்கணமும் மாறின. ஆனாலும் எழுத்தும் ஒரு காரணம். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளை குறளை உரையோடு படிக்கும்போது பொருள் புரியாமல் போகலாம், 'கற்க', 'நிற்க' என்ற சொல்வடிவம் அந்நியமாக இருக்காது. நான் அந்தப் பக்கம் நிற்கிறேன். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் நியாயம் உண்டு என்பதைக் கன்னடம் காட்டுகிறது.

13. தமிழையே இவ்வளவு பேசறோமே, இங்கிலீஷ்ல எழுதற ஊர்ப்பேருக்கு யார் கணக்கு வெச்சிருக்கா? வெளியூர்க்காரங்க குன்னூரை 'கூனூர்'ங்கறாங்க.

எழுத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் முதல் உயிருக்கும் இரண்டாவது உயிருக்கும் ஒரே இரட்டை ஓ. நடுவில் 'என்' எழுத்து ஒன்றுதான். கு குறில், னூ நெடில் என்ற வேறுபாடும் இரட்டை ன்-னும் அதில் காணாமல் போய்விட்டன. ஆங்கில எழுத்தே தன் சொந்தப் பேச்சோடு ஒத்துப்போகாதது. இரவைக் குறிக்கும் சொல்லின் நடுவில் எழுதும் ஜி-எச் ஒரு காலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தது. ஜெர்மானியர் தங்கள் சொல்லில் இன்றும் ஒலிக்கிறார்கள். 1476-ல் இங்கிலாந்துக்கு அச்சு வந்து எழுத்துக்கூட்டல் உறையத் தொடங்கிய காலத்தில்தான் அவர்களின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. அச்சு முந்திக்கொண்டது. அந்த எழுத்தைக் கடன் வாங்கித்தான் நம் ஊர்களுக்குப் பெயர் எழுதினார்கள்.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. அதே மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்கே இடறியது என்பதை வேலூரை வைத்துப் பார்க்கலாம். வே நெடில் என்று காட்ட ஆங்கில 'இ' எழுத்தை இரட்டித்தார்கள். ஆங்கிலம் படித்தவருக்கு இரட்டை இ என்றால் 'ஈ'. அதனால் எல்லோரும் 'வீலூர்' என்று வாசித்தார்கள். கோயம்புத்தூரின் 'த்தூ'வுக்கு டி-எச் இருமுறை, ஓ இருமுறை என்று எழுத்து நீண்டுகொண்டே போனது. தமிழ் ஒலிக்கு ஆங்கில எழுத்தில் எது நிகர் என்று முதலில் ஓர் அட்டவணை ஊரறிய நிலைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் பெயர்களை மட்டும் மாற்றினால், பழைய முரண்பாடு போய்ப் புதிய முரண்பாடு வரும். நோக்கத்தில் தவறில்லை, ஏணியின் முதல் படி இல்லை.

14. எங்க ஊர் பேர்ல கடைசியில 'ஹட்டி'. தமிழ்ல எழுதும்போது 'அட்டி'ன்னு ஆயிடுது. ஊர் நுழைவு வளைவுல எப்படி எழுதறது?

அதிகரட்டி, தும்மனட்டி என்று அரசுப் பலகையில் பார்க்கிறோம். ஊர்க்காரர் தனியாகச் சொல்லும்போது 'ஹட்டி' தெளிவாக வரும். சொல்லின் நடுவில் போனால் ஹ மெலிந்துவிடும், வேகமாகப் பேசினால் காதில் விழாது. எனவே 'அட்டி' என்று எழுதியவர் காதால் கேட்டதைத்தான் எழுதினார், தமிழில் ஹ-வைத் தவிர்க்கும் பழக்கமும் அவருக்கு உதவியது. இந்த ஹட்டி வேறொன்றும் இல்லை, கேள்வி 12-இல் சொன்ன ப, ஹ மாற்றத்தின்படி சமவெளியில் உள்ள 'பட்டி'க்கு உறவான சொல்.

படுகுக்குத் தமிழ் எழுத்து முழுதாகப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மொழியியலாளர் எமனோ 1930-களில் நீலகிரியில் தங்கிக் கேட்டு, படுகின் உயிரெழுத்துகளே நாக்கு வளைந்து இரண்டு அளவில் ஒலிப்பதைப் பதிவு செய்து 1939-ல் வெளியிட்டார். இப்போது எல்லா ஊரிலும் அது கேட்பதில்லை. இருக்கும் இடத்திலும் அதை எழுதத் தமிழில் குறி கிடையாது. அதனால் எந்த எழுத்துக்கூட்டலும் ஏதோ ஒன்றை விட்டுத்தான் போகும்.

வளைவுக்கு என் யோசனை: ஊர்க்காரர் சொல்கிறபடி 'ஹட்டி' என்றே எழுதுங்கள், ஹ தமிழ் வாசகருக்குத் தெரிந்த எழுத்துதான். ரேஷன் அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழில் ஏற்கெனவே எந்த வடிவம் இருக்கிறதோ அதை மாற்றாதீர்கள். ஒரு குடும்பத்தில் அப்பாவின் பட்டாவில் 'அட்டி', மகனின் சான்றிதழில் 'ஹட்டி' என்று வந்துவிட்டால், இரண்டும் ஒரே ஊர்தான் என்று எழுதி வாங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டிவரும்.